86 படங்களில் 12 எடுக்க வேண்டும்: வெயிட்டேஜ் போட்டும் மார்க் அட்டவணை ஏன் வேறு படத்தை முதலிடத்தில் வைக்கிறது?

நீர்க்கோழி

வணக்கம். எங்கள் கண்மாய்க் குழு ஒரு மாதக் காலண்டர் போடுகிறது. தலைப்பு "எங்கள் நீர்நிலைகள்". ஏ3 அளவு, கிடைமட்டம், மாதத்துக்கு ஒரு படம். 86 படங்கள் வந்திருக்கின்றன. நடுவர்கள் மூன்று பேர். போன தடவை "எனக்கு இது பிடிக்குது, உனக்கு அது பிடிக்குது" என்று பேசியே ஒரு சாயங்காலம் போய்விட்டதால், இந்த முறை அட்டவணை போட்டோம்.

அளவுகோல் நான்கு. தலைப்புக்குப் பொருத்தம் 40, சட்டக அமைப்பு 30, ஒளியும் கூர்மையும் 20, புதுமை 10. மொத்தம் 100. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மார்க். மூவரின் சராசரியை முழு எண்ணாக்கி எழுதினோம். மாதிரிக்கு ஐந்து படங்கள்:

| படம் | பொருத்தம் (40) | அமைப்பு (30) | ஒளி (20) | புதுமை (10) | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 017 விடியல் பனியில் நாரைகள் | 8 | 7 | 5 | 3 | 6.6 |
| 023 தெப்பக்குளம், இரவு | 9 | 6 | 7 | 2 | 7.0 |
| 031 டிரோன், வறண்ட கண்மாய் | 8 | 5 | 9 | 9 | 7.4 |
| 044 வலை வீசுபவர் | 8 | 8 | 6 | 4 | 7.2 |
| 058 மடையில் குளிக்கும் பிள்ளைகள் | 9 | 6 | 5 | 4 | 6.8 |

சிக்கல் 031. மேலிருந்து எடுத்த வெடித்த சேறு. அழகான படம்தான். ஆனால் தலைப்புப் பொருத்தத்துக்கு 40 கொடுத்த பிறகும், தலைப்போடு ஒட்டாத படம்தான் முதலில் வருகிறது. கூட்டலைச் சரிபார்த்துவிட்டோம், கணக்கில் பிழை இல்லை. வெயிட்டேஜை 50 ஆக்கிவிடலாமா?

---

வயல்வெளி

86 படம் என்றால் கையால் பார்க்காதீர்கள். ஒரே மாதிரி படங்களைக் கண்டுபிடித்து நீக்கும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. என் கணினியில் அப்படித்தான் கல்யாணப் படங்களைப் பாதியாகக் குறைத்தேன்.

நீர்க்கோழி

இல்லைங்க, நகல் பிரச்சினை இல்லை. எல்லாம் வேறு வேறு படங்கள். எது சிறந்தது என்று வரிசைப்படுத்துவதுதான் பிரச்சினை.

---

ஷட்டர்_ராஜா

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். படத்துக்கு மார்க் போடுவதே எனக்கு ஒப்பவில்லை. 031தான் அந்த ஐந்தில் நல்ல படம். அட்டவணை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது, உங்களுக்குத்தான் பிடிக்கவில்லை. வெயிட்டேஜை மாற்றி மாற்றிப் பிடித்த படத்தை மேலே கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் அட்டவணை எதற்கு?

---

கணக்குப்பிள்ளை

ராஜா சொல்வதில் பாதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் 50 ஆக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். பொருத்தம் 50, அமைப்பு 25, ஒளி 15, புதுமை 10 என்று வைத்தாலும் 031-க்கு 7.5 வரும், 044-க்கு 7.3. முதலிடம் நகராது. காரணம் வெயிட்டேஜில் இல்லை, பொருத்தம் நெடுவரிசையில் இருக்கிறது.

அந்த நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். 8, 9, 8, 8, 9. எல்லாப் படத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். புதுமையைப் படியுங்கள். 3, 2, 9, 4, 4. ஒரு அளவுகோல் வரிசையை எவ்வளவு நகர்த்தும் என்பது வெயிட்டேஜை மட்டும் பொறுத்ததல்ல. அதில் படங்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் விழுந்திருக்கிறதோ, அதையும் வெயிட்டேஜையும் பெருக்கினால் வருவதுதான் அதன் நிஜமான இழுப்பு. பொருத்தத்தில் மிகக் கூடியதுக்கும் மிகக் குறைந்ததுக்கும் 1 மார்க் வித்தியாசம். அதை 0.40 ஆல் பெருக்கினால் 0.4. அமைப்பில் 3 × 0.30 = 0.9. ஒளியில் 4 × 0.20 = 0.8. புதுமையில் 7 × 0.10 = 0.7.

அதாவது நீங்கள் தலைவர் நாற்காலியில் உட்காரவைத்த பொருத்தத்துக்குத்தான் நான்கிலும் குறைந்த குரல். பத்து சதவீதம்தானே என்று ஓரத்தில் வைத்த புதுமை அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு பேசுகிறது.

பொருத்தத்தில் எல்லோரும் 8, 9 போட்டதற்கு நடுவர்களைக் குறை சொல்ல முடியாது. தலைப்பைச் சொல்லித்தானே படம் கேட்டீர்கள்? வந்ததெல்லாம் ஏதோ ஒரு நீர்நிலைதான். "இது நீர்நிலைப் படமா?" என்று நடுவர் தன்னைக் கேட்டுக்கொண்டால், ஆமாம் என்று 8 போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். அந்தக் கேள்வி படங்களைப் பிரிக்காது.

---

தாமிரபரணி

கணக்குப்பிள்ளை சொன்னது சரி. இதற்குச் சுலபமான வழி இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் டெண்டர் ஒப்பிடும்போது செய்வதுதான். ஒவ்வொரு நெடுவரிசையிலும் குறைந்த மார்க்கை 0, அதிக மார்க்கை 1 என்று வைத்து மற்றதை இடையில் பரப்பிவிட வேண்டும்.

```
=(B5-MIN(B$5:B$9))/(MAX(B$5:B$9)-MIN(B$5:B$9))
```

எல்லா அளவுகோலும் ஒரே அகலத்துக்கு வந்துவிடும், அப்புறம் 40 என்றால் 40தான். உங்கள் ஐந்து படங்களுக்குப் போட்டுப் பார்த்தேன். 023-க்கு 0.60, 058-க்கு 0.53, 044-க்கு 0.38, 031-க்கு 0.30, 017-க்கு 0.21. நீங்கள் நினைத்தபடியே 031 கீழே போய்விட்டது. விஷயம் முடிந்தது.

கணக்குப்பிள்ளை

முடியவில்லை சார். 8-க்கும் 9-க்கும் இருந்த ஒரு மார்க் வித்தியாசம், மூன்று பேர் சராசரியை முழு எண்ணாக்கியதில் விழுந்ததாகக்கூட இருக்கலாம். 8.33 எட்டாகும், 8.67 ஒன்பதாகும். அந்த 0.34-ஐ நீங்கள் 0-க்கும் 1-க்கும் உள்ள தூரமாக ஊதிவிட்டீர்கள். (நீர்க்கோழி, சராசரியை முழு எண்ணாக்காதீர்கள். ஒரு தசமமாவது வைத்துக்கொள்ளுங்கள்.)

இன்னொரு கோளாறு இதைவிட மோசம். யாரோ தலைப்பே புரியாமல் வீட்டு வாசலில் தேங்கிய மழைத்தண்ணீரைப் படம் பிடித்து அனுப்பினார் என்று வையுங்கள். படம் 072. பொருத்தம் 2, அமைப்பு 5, ஒளி 5, புதுமை 2. ஜெயிக்க வழியே இல்லாத படம். அதை ஆறாவது வரியாகச் சேர்த்து உங்கள் சூத்திரத்தைப் போடுங்கள். இப்போது பொருத்தத்தின் வீச்சு 2 முதல் 9 வரை. 8 வாங்கிய படத்துக்கு 0.86 கிடைத்துவிடுகிறது. வரிசை இப்படி ஆகும்: 044-க்கு 0.72, 031-க்கு 0.64, 023-க்கு 0.60, 017-க்கு 0.56, 058-க்கு 0.53.

முதலில் இருந்த 023 மூன்றாவது ஆனது. இரண்டாவது இருந்த 058, ஐந்தில் கடைசி ஆனது. அந்தப் படங்களில் யாரும் எதையும் மாற்றவில்லை. சம்பந்தமில்லாத ஒரு படம் உள்ளே வந்தது, அவ்வளவுதான். டெண்டரில் கடைசித் தேதிக்குப் பிறகு புதிதாக ஒன்று சேராது என்பதால் இது உங்கள் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம். அங்கேயும் ஒருவர் பின்வாங்கினால் இதே கூத்து நடக்கும்.

தாமிரபரணி

072-ஐச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். அதே எண்கள்தான் வருகின்றன. ஆனாலும் மார்க் வீச்சைச் சரிசெய்யாமல் விடுவதும் தப்புதானே?

கணக்குப்பிள்ளை

சரிசெய்ய வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் சூத்திரத்தில் செய்யக் கூடாது, மார்க் போடும் இடத்தில் செய்ய வேண்டும். ஒவ்வொரு மார்க்குக்கும் என்ன அர்த்தம் என்று ஒரு வரி எழுதி நடுவர் கையில் கொடுங்கள். பொருத்தத்துக்கு நான் எழுதுவதானால் இப்படி:

9 என்றால், காலண்டரைப் பார்க்கும் ஊர்க்காரர் தலைப்பைப் படிக்காமலே "இது தெப்பக்குளம்", "இது கண்மாய் மடை" என்று சொல்லிவிடுவார். 7 என்றால் நீர்நிலை என்று தெரியும், ஆனால் என்ன வகை என்று தெரியாது. 4 என்றால் கீழே எழுதிய வரியைப் படித்தால்தான் புரியும். 2 என்றால் படித்தாலும் சந்தேகம். இடைப்பட்ட எண்களை நடுவர் தன் விருப்பப்படி போடலாம்.

இந்த அர்த்தங்கள் படங்களுக்கு வெளியே நிற்கின்றன. 072 வந்தாலும் வராவிட்டாலும் 023-இன் மார்க் நகராது.

---

அச்சுக்கூடம்

கணக்கு உங்களுடையது, நான் அச்சுப் பக்கம் மட்டும் சொல்கிறேன். கூர்மைக்கு மார்க் போட்டுப் பிரயோஜனமில்லாத படங்கள் சில இருக்கும். அவற்றை அட்டவணைக்குள்ளேயே விடாதீர்கள்.

ஏ3 கிடைமட்டம் என்றால் நீளம் 42 செ.மீ., அதாவது 16.5 அங்குலம். அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்டால் நீளப் பக்கம் 4960 பிக்சல் வேண்டும். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும் என்று வைத்தால் 3300. 1600 பிக்சலில் வந்த படத்தை ஏ3-இல் அடித்தால் அங்குலத்துக்கு 97தான் கிடைக்கும், நாரையின் கழுத்து மரப்பலகை மாதிரி வரும். திரையில் அதே படம் பளிச்சென்று இருக்கும், நடுவர் ஒளிக்கு 8 போட்டுவிடுவார்.

நின்றவாக்கில் எடுத்த படங்களையும் கவனியுங்கள். 3000 × 4000 என்று இருக்கும், 4000 இருக்கிறதே என்று தோன்றும். கிடைமட்டமாக வெட்டினால் நீளம் 3000தான்.

கணக்குப்பிள்ளை

இதற்குத்தான் வாசலில் ஒரு கேட் வேண்டும் என்பது. வெயிட்டேஜ் போட்டுக் கூட்டும் முறையில் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டிவிடும். பொருத்தம் 10, அமைப்பு 9, புதுமை 8 வாங்கிய படம் கூர்மையில் 1 வாங்கினாலும் மொத்தம் 7.7. உங்கள் ஐந்து படங்களையும் தோற்கடிக்கும். எந்தக் குறையை எதனாலும் ஈடுகட்ட முடியாதோ, அதற்கு மார்க் போடக் கூடாது. ஆம் அல்லது இல்லை, அவ்வளவே. 3300 பிக்சல், எடுத்தவரின் அனுமதி, படத்தின் மேல் பெயர் முத்திரை இல்லாமை. இந்த மூன்றும் ஆம் என்றால் மட்டும் அட்டவணைக்குள் வரட்டும்.

---

சிவகாமி டீச்சர்

எங்கள் பள்ளி ஓவியப் போட்டியில் இதே முறைதான் வைத்தோம். ஓவியங்கள் அதிகம் என்பதால் மூன்று நடுவர்களுக்கும் பிரித்துக் கொடுத்தோம். பரிசு வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் ஒரே நடுவரிடம் போனவர்கள். அவர் தாராளமாகப் போடுபவர். பெற்றோர் வந்து கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் எப்படிப் பிரித்தீர்கள்?

நீர்க்கோழி

பிரிக்கவில்லை டீச்சர். மூவரும் எல்லாப் படத்தையும் பார்த்தார்கள். ஆனால் ஒருவர் 6-க்கு மேலே போகவே மாட்டார்.

கணக்குப்பிள்ளை

எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருந்தால் கஞ்சத்தனம் யாரையும் பாதிக்காது. எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு குறைகிறது, வரிசை மாறாது. டீச்சருடைய நிலைமை அப்படி இல்லை. அங்கே கஞ்ச நடுவரிடம் மாட்டிய பிள்ளைக்கு நஷ்டம்தான். பிரித்தே ஆகவேண்டும் என்றால் சில ஓவியங்களை மூவருக்கும் பொதுவாகக் கொடுத்து, அவற்றில் யார் எவ்வளவு ஏற்றிப் போடுகிறார் என்று பார்த்து மற்ற மார்க்கைச் சரிக்கட்ட வேண்டும்.

நீர்க்கோழி பார்க்க வேண்டியது வேறு. ஒரு நடுவர் 2 முதல் 10 வரை பரப்பிப் போடுகிறார், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் 5, 6 என்றே போடுகிறார் என்றால் சராசரியில் முதலாமவர் மட்டும்தான் பேசுவார். அளவுகோலுக்குச் சொன்ன அதே விஷயம்தான்.

---

நீர்க்கோழி

செய்து பார்த்தோம். கேட்டில் 19 படங்கள் விழுந்தன, 67 மிச்சம். பொருத்தத்துக்கு மேலே சொன்ன வரிகளையே கொஞ்சம் மாற்றி எழுதி, அந்த ஒரு அளவுகோலுக்கு மட்டும் மறுபடி மார்க் போட்டோம். அந்த ஐந்தின் நிலை:

| படம் | பொருத்தம், பழையது | பொருத்தம், புதியது | மொத்தம் |
|---|---|---|---|
| 017 | 8 | 7 | 6.2 |
| 023 | 9 | 9 | 7.0 |
| 031 | 8 | 4 | 5.8 |
| 044 | 8 | 7 | 6.8 |
| 058 | 9 | 9 | 6.8 |

இப்போது பொருத்தத்தின் வீச்சு 5, இழுப்பு 2.0. நாங்கள் நினைத்த மாதிரி அதுதான் பெரியதாக நிற்கிறது.

ஷட்டர்_ராஜா

நான் சொன்னது நடந்துவிட்டது பாருங்கள். 031 முதலில் வந்தது பிடிக்கவில்லை, அது கீழே போகிற மாதிரி விதி எழுதினீர்கள், கீழே போனது.

கணக்குப்பிள்ளை

இந்தப் பாதிக்குத்தான் அப்புறம் வருகிறேன் என்றேன். ராஜா கேட்பது நியாயமான கேள்வி. முடிவைப் பார்த்துவிட்டு விதி எழுதுவது ஆபத்துதான். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு. விதியை எழுதியவர் மார்க் போடக் கூடாது. பழைய அட்டவணையைப் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, படங்களின் வரிசையைக் கலைத்து, பொருத்தம் ஒன்றை மட்டும் 67 படத்துக்கும் போடச் சொல்லுங்கள். ஒரு படத்துக்கு நான்கு மார்க்கையும் ஒரே மூச்சில் போட்டால், அழகான படத்துக்கு எல்லாமே ஏறிவிடும். 031-க்குப் பொருத்தத்தில் 8 விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புதியவரும் 4, 5 என்றே போட்டால் சரி. 7 போட்டால் ராஜா ஜெயித்தார்.

அப்புறம், சூத்திரம் என்ன வைத்திருக்கிறீர்கள்?

நீர்க்கோழி

```
=SUMPRODUCT($B$2:$E$2,B5:E5)/SUM($B$2:$E$2)
```

இரண்டாவது வரியில் வெயிட்டேஜ், ஐந்தாவதிலிருந்து படங்கள்.

கணக்குப்பிள்ளை

நல்ல சூத்திரம்தான், ஆனால் காலிக் கட்டத்தை வாய்மூடி 0 என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நடுவர் 8-க்குப் பின்னால் "?" போட்டு வைத்திருந்தாலும் அதே கதி, அது எழுத்தாகிவிடும். 67 வரியில் ஒரு நல்ல படம் இப்படிக் காணாமல் போனால் யாருக்கும் தெரியாது. இதைப் போடுங்கள்:

```
=IF(COUNT(B5:E5)<4,"பார்",SUMPRODUCT($B$2:$E$2,B5:E5)/SUM($B$2:$E$2))
```

நீர்க்கோழி

போட்டேன். மூன்று வரியில் "பார்" வந்தது! அதில் ஒன்று 41-ஆம் இடத்திலிருந்து 10-ஆம் இடத்துக்கு வந்துவிட்டது.

---

தாமிரபரணி

அப்போ 023 முதலிடம், உறுதிதானா?

கணக்குப்பிள்ளை

உறுதி இல்லை. 7.0-க்கும் 6.8-க்கும் நடுவில் ஒன்றுமில்லை. பொருத்தம் 30, அமைப்பு 40 என்று மாற்றிப் பாருங்கள். 044-க்கு 6.9, 023-க்கு 6.7, 058-க்கு 6.5. முதலிடம் கைமாறிவிட்டது. 40-உம் 30-உம் யாரோ மேசையைச் சுற்றி உட்கார்ந்து சொன்ன எண்கள்தானே, 35-உம் 35-உம் என்றும் சொல்லியிருக்கலாம்.

உங்களுக்கு நல்ல காலம், முதலிடம் யார் என்பது தேவையே இல்லை. 12 படம் வேண்டும். ஆகவே 12-க்கும் 13-க்கும் நடுவில் உள்ள கோடு மட்டும்தான் முக்கியம். வெயிட்டேஜை மூன்று நான்கு விதமாக மாற்றி, ஒவ்வொரு முறையும் யார் 12-க்குள் வருகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். எப்படி மாற்றினாலும் உள்ளே இருப்பவை ஒரு பக்கம். எப்படி மாற்றினாலும் வெளியே இருப்பவை ஒரு பக்கம். நடுவில் ஆடுபவற்றை மட்டும் பெரிய திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பாருங்கள்.

நீர்க்கோழி

பார்த்தாயிற்று. 8 படங்கள் எப்போதும் உள்ளே. மிச்ச 4 இடத்துக்கு 9 படங்கள் ஆடுகின்றன. புதுச் சிக்கல்: அந்த 9-இல் மூன்று படம் விடியல் பனியில் நாரைகள். உள்ளே உள்ள எட்டிலும் ஒன்று அதே மாதிரி.

சிவகாமி டீச்சர்

"வேறுபாடு" என்று ஐந்தாவது அளவுகோல் சேர்த்துவிடுங்களேன்.

கணக்குப்பிள்ளை

அதற்கு மார்க் போட முடியாது டீச்சர். நாரைப் படம் தனியாக இருந்தால் வேறுபட்டது, இன்னொரு நாரை உள்ளே வந்தவுடன் வேறுபடாதது. அட்டவணை ஒவ்வொரு படத்தையும் தனியாகத்தான் பார்க்கும், 12 படமும் சேர்ந்து எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. இந்த இடத்தில் கையால்தான் எடுக்க வேண்டும்.

சிவகாமி டீச்சர்

கையால் எடுத்தால் அனுப்பியவர்கள் கேட்பார்கள். எங்களிடம் கேட்டார்கள். குறைந்தது ஒரு விதியையாவது முன்பே எழுதி ஒட்டுங்கள். ஒரே காட்சி இரண்டு பக்கத்துக்கு மேல் வராது, ஒருவருடைய படம் இரண்டுக்கு மேல் வராது என்கிற மாதிரி. அப்புறம் மார்க் வரிசையில் மேலிருந்து கீழே வந்து, விதியில் இடிக்கிற படத்தைத் தாண்டிப் போங்கள்.

ஷட்டர்_ராஜா

டீச்சர் விதியோடு இன்னொன்றும் சேருங்கள். மாதத்துக்கு ஏற்ற படம். மே மாதத்தில் உங்கள் கண்மாய் எப்படி இருக்கும்? நாரையும் இருக்காது, வலையும் இருக்காது, 031 மாதிரிதான் இருக்கும். பன்னிரண்டு பக்கமும் தண்ணீர் தளும்புகிற காலண்டரைக் கண்மாய்க் குழு போடுவது பொய் இல்லையா?

கணக்குப்பிள்ளை

அது அட்டவணையின் கேள்வி இல்லை, காலண்டர் எதற்கு என்ற கேள்வி. குழுதான் சொல்ல வேண்டும். "ஊர்க்காரர் பார்த்ததும் அடையாளம் காண வேண்டும்" என்று பொருத்தத்துக்கு அர்த்தம் எழுதியது நான். வறண்ட கண்மாயும் அடையாளம்தான் என்று நீங்கள் எழுதினால் அந்த 4 என்பது 8 ஆகும், அதில் கணக்குத் தப்பு ஒன்றும் இல்லை.

நீர்க்கோழி

குழுவில் இரண்டு பேர் ராஜா பக்கம். ஒருவர் காலண்டரில் வறட்சி வேண்டவே வேண்டாம் என்கிறார், ஸ்பான்சருக்குப் பிடிக்காதாம். ஞாயிற்றுக்கிழமை பேசுகிறோம்.

அச்சுக்கூடம்

பேசுவதற்கு முன்னால் 031-இன் அசல் கோப்பை வாங்கிவிடுங்கள். டிரோன் படங்கள் பல 4:3 விகிதத்தில் இருக்கும். ஏ3-க்கு வெட்டும்போது மேலும் கீழும் கொஞ்சம் போகும். அந்தச் சேற்று வெடிப்பு ஓரம் வரை ஓடுகிற படம் என்றால் எங்கே வெட்டுவது என்று எடுத்தவரையே கேளுங்கள்.